விபூதிக் கோடு

அந்தப் படத்தை இன்னும் போனிலிருந்து அழிக்கவில்லை. "அக்கா, அப்பாவுக்கு வாய் கோணிப்போச்சு, கோப்பி குடிச்சா ஒழுகுது, வந்து பார்க்கிறீங்களா?" என்று கீழ்வீட்டுப் பெண் காலையில் அனுப்பியது. நான் வேலையில் இருந்தேன். கிளினிக் நர்ஸ் என்பதால் எங்கள் புளோக்கில் யாருக்கு என்ன வந்தாலும் முதலில் என் போன்தான் அடிக்கும்.

பெரிதாக்கிப் பார்த்தேன். இடது கடைவாய் இறங்கியிருந்தது, நெற்றிக் கோடுகள் மட்டும் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருந்தன. நெற்றித் தசைக்கு மூளையின் இரண்டு பாதியிலிருந்தும் கட்டளை வருகிறது, அதனால் ஸ்ட்ரோக்கில் ஒரு பாதி கெட்டாலும் மற்றது புருவத்தைத் தூக்கிவிடும். பெல்ஸ் பால்ஸியில் மூளைக்கு வெளியே முக நரம்பே செயலிழப்பதால் அந்தப் பக்கம் நெற்றி, கண், வாய் எல்லாமே படுத்துவிடும். ஆகவே ஸ்ட்ரோக் என்று முடிவு கட்டி, "உடனே 995 கூப்பிடு, கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தார்னு ஞாபகம் வச்சுக்கோ" என்றேன். அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு 4.5 மணி நேரம்தான் கணக்கு.

மதியம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் தன் புருவத்தையே தூக்கிக் காட்டி அவரையும் செய்யச் சொன்னார். வலது பக்கம் நெற்றியில் காய்ந்திருந்த விபூதி வெடித்துப் பொடியாக உதிர்ந்தது. இடது பக்கம் பட்டை அப்படியே கிடந்தது. நான் படத்தில் கண்டது சுருக்கமே இல்லை, விபூதி! இடது கண்ணும் முழுதாக மூடவில்லை, இடுக்கில் வெள்ளை தெரிந்தது. கை கால் சரியாக இருந்தன, காதுக்குப் பின்னால் முந்தின நாளிலிருந்தே வலியாம். பெல்ஸ் பால்ஸிதான். ஸ்டீராய்டு மாத்திரையும் கண்ணுக்குச் சொட்டு மருந்தும் கொடுத்தார்கள்.

"பயமுறுத்திட்டீங்க அக்கா" என்று அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அசையாத படத்தில் அசைவைத் தேடியது என் தப்பு, புருவத்தைத் தூக்கச் சொல்லி ஒரு வீடியோ கேட்க அரை நிமிடம் போதும். சரி, கேட்டிருந்தால்? நெற்றி அசையவில்லை, நரம்புதான், நாளைக் காலை கிளினிக்குக் கூட்டிவா என்று சொல்லியிருப்பேனோ என்னவோ. மூளைத்தண்டில், முக நரம்பு கிளம்பும் இடத்திலேயே ஸ்ட்ரோக் வந்தாலும் நெற்றி படுத்துவிடும், அதில் பார்வை இரட்டையாகத் தெரியலாம், எதிர்ப்பக்கக் கை கால் தளரலாம். அதையெல்லாம் நான் கேட்டிருப்பேனா? தப்பாகப் பார்த்ததால்தான் 995 என்றேன், ஆனால் போனில் சொல்ல வேண்டியதும் அதுதானே. இப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருக்கிறது என்பதும் தெரிகிறது.

லிஃப்டில் பார்த்தால் இப்போது அவர் வணக்கத்துக்குப் பதில் புருவத்தைத் தூக்கிக் காட்டுகிறார். இடது இன்னும் கொஞ்சம் பிந்தித்தான் ஏறுகிறது.