எங்கள் அழைப்பு ஒரு போனில் பெயரோடும் இன்னொரு போனில் வெறும் எண்ணாகவும் தெரிந்தது ஏன்

நான் ஒரு கண் மருத்துவமனையில் போன் லைன்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறேன். அறுவை சிகிச்சைக்கு முந்தைய நாள் ஒவ்வொரு நோயாளியையும் கூப்பிட்டு, எந்தச் சொட்டு மருந்தை எப்போது போட வேண்டும், எந்த மாத்திரையை நிறுத்த வேண்டும் என்று சொல்வோம். அந்த அழைப்பை நிறையப் பேர் எடுக்கவில்லை. கேட்டால் "ஏதோ நம்பர் வந்துச்சு, அதான் எடுக்கல" என்றார்கள். ஆனால் வேறு சிலர் எங்கள் மருத்துவமனையின் பெயர் திரையில் தெளிவாகத் தெரிந்ததாகச் சொன்னார்கள். ஒரே இடத்திலிருந்து போகும் அழைப்பு ஒருவருக்குப் பெயரோடும் இன்னொருவருக்கு வெறும் எண்ணாகவும் தெரிவது ஏன் என்று தேடப் போய் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். கிளினிக், பள்ளிக்கூடம், சர்வீஸ் சென்டர் என்று எங்கிருந்து கூப்பிடுகிறவர்களுக்கும் இதே சிக்கல் இருக்கும்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டிய விஷயம், பெரும்பாலான அழைப்புகளில் எண் மட்டும்தான் பயணம் செய்கிறது, பெயர் கூடவே வருவதில்லை. எண் வந்து சேர்ந்த பிறகு, வாங்குகிற பக்கத்தில் யாரோ ஒருவர் "இந்த எண் யாருடையது?" என்று ஒரு பட்டியலில் தேடிப் பெயரை ஒட்டுகிறார். அந்த யாரோ என்பது போனில் இருக்கும் காண்டாக்ட்ஸாக இருக்கலாம், போன் செய்யும் ஆப்பாக இருக்கலாம், தனியாக இன்ஸ்டால் செய்த காலர் ஐடி ஆப்பாக இருக்கலாம், அல்லது ஆபரேட்டராகவே இருக்கலாம். அமெரிக்காவில் லேண்ட்லைன் காலத்திலிருந்தே பெயர் காட்டும் வசதி உண்டு. அங்கேயும் வாங்குகிற பக்கத்து ஆபரேட்டர்தான் எண்ணை வைத்து ஒரு தரவுத்தளத்தில் தேடி, அதிகபட்சம் 15 எழுத்தில் ஒரு பெயரை எடுத்து, முதல் மணிக்கும் இரண்டாவது மணிக்கும் நடுவில் போனுக்கு அனுப்புவார். அதனால் "எங்கள் பெயர் ஏன் வரவில்லை?" என்ற கேள்வி உண்மையில் இரண்டு கேள்விகள்: எங்களிடமிருந்து எந்த எண் கிளம்புகிறது, அந்த எண் யாருடைய பட்டியலில் என்ன பெயரில் இருக்கிறது?

சரி, சோதித்துப் பார்க்கலாம் என்று ஊழியர்களின் போன்களை மேசையில் வரிசையாக வைத்துக்கொண்டு, மருத்துவமனையின் ஒவ்வொரு லைனிலிருந்தும் கூப்பிட்டேன். எங்கள் எண்ணை ஏற்கெனவே சேமித்து வைத்திருந்தவர்களை விட்டுவிட்டேன், ஏனென்றால் காண்டாக்ட்ஸில் இருந்தால் வேறு எந்தப் பட்டியலும் தேவையே இல்லை, சேமித்த பெயர்தான் முதலில் நிற்கும்.

வரவேற்பு மேசையில் உள்ள மெயின் எண்ணிலிருந்து கூப்பிட்டபோது, கூகுளின் போன் ஆப் இருந்த ஆண்ட்ராய்டு போன்களில் பெயர் அழகாக வந்தது. அந்த ஆப், சேமிக்காத எண் வந்தால் கூகுளிடம் கேட்கிறது. கூகுள் வணிகப் பக்கத்தில் எங்கள் மருத்துவமனையின் பதிவில் இந்த மெயின் எண் இருப்பதால் பெயர் கிடைத்துவிடுகிறது. ஒரு ஐபோனில் மட்டும் "Maybe:" என்று போட்டு எங்கள் பெயர் வந்தது. அந்த போன் வைத்திருந்தவரின் மெயிலில் எங்கள் அலுவலகக் கடிதம் ஒன்று இருந்தது, அதன் கையெழுத்துப் பகுதியில் இந்த எண் இருந்தது, போன் அதைப் பார்த்து ஊகித்துச் சொல்கிறது. மற்ற ஐபோன்களில் எண் மட்டும்தான்.

அடுத்து, நோயாளிகளைக் கூப்பிடப் பயன்படுத்தும் உள் போன்களான எக்ஸ்டென்ஷன்களிலிருந்து கூப்பிட்டேன். எல்லா போன்களிலும் வெறும் எண். அதுவும் மெயின் எண் இல்லை, வேறொரு எண். காலர் ஐடி ஆப் வைத்திருந்த ஒரு போனில் மட்டும் பெயர் வந்தது, ஆனால் எங்கள் பெயர் இல்லை, கடன் கொடுக்கும் ஏதோ ஒரு கம்பெனியின் பெயர்! நோயாளி ஏன் போனைத் துண்டித்தார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அந்தப் பெயர் எப்படி வந்தது என்றால், ஆபரேட்டர்கள் யாரோ விட்டுவிட்டுப் போன எண்ணைக் கொஞ்ச காலம் கழித்து இன்னொருவருக்குக் கொடுப்பார்கள். எங்களுக்கு வந்த எண்களில் ஒன்று முன்பு அந்த கம்பெனியிடம் இருந்திருக்கிறது. இந்த ஆப்களின் பட்டியல் பெரும்பாலும் பயனாளர்கள் கொடுத்த பெயர்களாலும் புகார்களாலும் உருவானது. எண் கைமாறியது அதற்குத் தெரிய வழியில்லை. அந்த எண்ணில் பழைய பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது.

அப்புறம் எக்ஸ்டென்ஷன்களை இணைத்து அழைப்புகளை வெளியே அனுப்பும் எங்கள் பிபிஎக்ஸ் பக்கம் போனேன். அது ஆஸ்டரிஸ்க் என்ற மென்பொருளில் ஓடுகிறது. அதில் மருத்துவமனையின் பெயரை யாரோ எப்போதோ சரியாகவே போட்டு வைத்திருந்தார்கள். அப்படியானால் அது எங்கே காணாமல் போகிறது? `sngrep` என்ற கருவியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு அழைப்பைப் போட்டால், வெளியே போகும் செய்தியைக் கண்ணாலேயே பார்க்கலாம். எண்களையும் பெயரையும் மாற்றி எழுதியிருக்கிறேன், வடிவம் இதுதான்:

```
From: "Eye Hospital" <sip:02025550140@example.com>
```

மேற்கோள் குறிக்குள் பெயர் இருக்கிறது, எங்கள் பக்கத்திலிருந்து கிளம்பவும் செய்கிறது. ஆனால் எங்கள் பிபிஎக்ஸை வெளி நெட்வொர்க்கோடு இணைக்கும் லைனான டிரங்கைத் தரும் ஆபரேட்டரிடம் கேட்டபோது, அந்தப் பெயரை அவர்கள் மேலே அனுப்புவதே இல்லை, எண்ணை மட்டும் எடுத்துக்கொள்வோம் என்றார்கள். யார் வேண்டுமானாலும் அந்த இடத்தில் எந்தப் பெயரையும் எழுதி அனுப்பலாம் என்பதால் அவர்கள் செய்வது நியாயம்தான். அலுவலகத்துக்குள் ஒரு எக்ஸ்டென்ஷனிலிருந்து இன்னொன்றுக்குக் கூப்பிடும்போது பெயர் வரும், வெளியே போனதும் உதிர்ந்துவிடும். இதைத் தெரிந்துகொள்ளாமல் பிபிஎக்ஸில் பெயரைத் திருத்திக்கொண்டே இருந்தால் ஒன்றும் மாறாது.

மேலே உள்ள வரியில் இன்னொரு கோளாறும் இருக்கிறது. எண் பூஜ்யத்தில் தொடங்குகிறது. உள்நாட்டில் டயல் செய்ய அது போதும், அடுத்த நாட்டில் ரோமிங்கில் இருக்கும் ஒருவருக்குப் போனால் அந்தப் பூஜ்யம் எந்த நாட்டுக்குரியது என்று தெரியாது. காண்டாக்ட்ஸ் கடைசி சில இலக்கங்களை ஒப்பிட்டுச் சமாளித்துக்கொள்ளலாம், ஆனால் ஆன்லைன் பட்டியலில் தேடுவதற்கு நாட்டுக் குறியீட்டோடு கூடிய முழு எண் வேண்டும். கூட்டல் குறி, நாட்டுக் குறியீடு, அதன் பின் எண் என்பதுதான் பாதுகாப்பான வடிவம்.

ஆகவே செய்ய வேண்டியது, எல்லா எக்ஸ்டென்ஷன்களிலிருந்தும் வெளியே போகும்போது மெயின் எண்ணே போகும்படி, அதுவும் முழு வடிவத்தில் போகும்படி வைப்பது. பிபிஎக்ஸில் இது ஒரே வரி:

```
same => n,Set(CALLERID(num)=+12025550100)
```

போட்டுவிட்டுச் சோதித்தேன், திரையில் பழைய எண்ணே வந்தது. காரணம் எங்கள் மெயின் எண் வேறொரு ஆபரேட்டரிடம் வாங்கியது, டிரங்க் இன்னொரு ஆபரேட்டருடையது. தன்னிடம் பதிவாகாத எண்ணை ஒருவர் காலர் ஐடியாக அனுப்பினால், ஆபரேட்டர் அதை ஏற்காமல் டிரங்கின் சொந்த எண்ணைப் போட்டுவிடுவார், சிலர் அழைப்பையே நிராகரித்துவிடுவார்கள். இதுவும் சரியான தடுப்புதான், இல்லையென்றால் எவர் வேண்டுமானாலும் எங்கள் எண்ணில் கூப்பிடுவார். மெயின் எண் எங்களுடையதுதான் என்று காட்ட அதன் பில்லையும் மருத்துவமனை லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதத்தையும் கேட்டார்கள். கொடுத்தோம், பிறகு மெயின் எண்ணுக்கே ஒரு சரிபார்ப்பு அழைப்பு வந்தது, அதன் பின்தான் அனுமதித்தார்கள். இப்படி அனுமதி கிடைக்காத இடத்தில், மெயின் எண்ணையே டிரங்க் ஆபரேட்டருக்கு போர்ட் செய்வதுதான் மீதி வழி.

அனுமதி வந்ததும் திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தேன். கூகுள் போன் ஆப் உள்ள ஆண்ட்ராய்டுகளில் எந்த எக்ஸ்டென்ஷனிலிருந்து கூப்பிட்டாலும் இப்போது பெயர் வருகிறது. ஆனால் ஒரு போனில் டேட்டாவை அணைத்துவிட்டுக் கூப்பிட்டபோது எண் மட்டும் வந்தது, ஏனென்றால் மணி அடிக்கும் அந்தச் சில நொடிக்குள் இணையத்தில் தேடித்தான் பெயர் வர வேண்டும். ஆப்பின் அமைப்பில் காலர் ஐடியை அணைத்து வைத்திருந்தாலும் இதே கதிதான். "நேற்று பெயர் வந்துச்சு, இன்னிக்கு வரல" என்று யாராவது சொன்னால் முதலில் இந்த இரண்டையும் பார்க்கச் சொல்கிறேன்.

காலர் ஐடி ஆப்பில் இருந்த கடன் கம்பெனிப் பெயரை மாற்ற, அந்த ஆப்பிலேயே திருத்தம் கேட்டு அனுப்பினேன். மாறியது, ஆனால் உடனே எல்லா போன்களிலும் மாறவில்லை, ஐபோனில் தாமதம் அதிகம். ஆண்ட்ராய்டில் ஆப் அழைப்பு வரும் நேரத்திலேயே சர்வரில் தேடும். ஐபோனில் 2016-ல் வந்த ஐஓஎஸ் 10 முதல், ஆப் முன்கூட்டியே ஒரு பட்டியலைப் போனில் கொடுத்து வைக்கும், போன் அந்தப் பட்டியலில்தான் தேடும், வரும் எண்ணை ஆப்புக்குச் சொல்லாது. பட்டியல் புதுப்பிக்கப்படும்வரை பழைய பெயர்தான். 2024-ல் வந்த ஐஓஎஸ் 18-ல்தான் அழைப்பு வரும் நேரத்திலேயே தேடும் வசதி சேர்ந்தது, அதையும் ஆப் செய்கிறவர் அமைத்திருக்க வேண்டும்.

இதையெல்லாம் செய்யும்போது எனக்கு ஒரு கவலையும் வந்தது, அதை நோயாளிகளிடமும் சொல்லி வருகிறேன். பெயர் எண்ணை வைத்து ஒட்டப்படுவதால், யாராவது எங்கள் எண்ணைப் போலியாகப் போட்டுக் கூப்பிட்டால் அவருக்கும் எங்கள் பெயரே தெரியும். அமெரிக்காவிலும் கனடாவிலும் 2021 முதல் அழைப்பின் எண்ணுக்கு ஆபரேட்டர் கையொப்பமிடும் முறை இருக்கிறது, அது எண் உண்மையா என்பதற்கான சாட்சி, பெயருக்கு அல்ல. அதனால் எங்கள் பெயர் தெரிந்தாலும் பணமோ ஓடிபியோ கேட்டால் துண்டித்துவிட்டு மெயின் எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள் என்கிறோம்.

பெயர் காட்டுவதற்கு மிகவும் நம்பகமான வழி நோயாளியே எண்ணைச் சேமித்துக்கொள்வதுதான். ஆப் எதுவும் இல்லாத ஐபோன்களில், "Maybe:" என்று ஊகித்த அந்த ஒன்றைத் தவிர, எங்கள் சோதனையில் வேறு எப்படியும் பெயர் வரவில்லை. அதனால் முன்பதிவு உறுதியானதும் போகும் குறுஞ்செய்தியில் "அறுவை சிகிச்சைக்கு முந்தைய நாள் இந்த எண்ணிலிருந்துதான் கூப்பிடுவோம், சேமித்துக்கொள்ளுங்கள்" என்ற வரியைச் சேர்த்தோம். எல்லோரும் சேமிப்பதில்லை, ஆனால் எண்ணை எதிர்பார்த்து இருக்கிறார்கள், எடுக்கிறார்கள்.

இந்த மாற்றத்தால் வந்த ஒரு புதுச் சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். எல்லா அழைப்பும் மெயின் எண்ணில் போவதால், தவறவிட்டவர்கள் திரும்பக் கூப்பிடுவதும் வரவேற்பு மேசைக்கே வருகிறது, "எனக்கு யாரோ போன் பண்ணீங்களே" என்று கேட்டால் அங்கே இருப்பவருக்கு எந்த எக்ஸ்டென்ஷன் என்று தெரியாது. அதற்காக பிபிஎக்ஸில், கடைசியாக அந்த எண்ணைக் கூப்பிட்ட எக்ஸ்டென்ஷனைக் குறித்து வைத்து, அதே எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் நேராக அங்கே திருப்பும்படி அமைத்திருக்கிறோம், அங்கே யாரும் எடுக்காவிட்டால் மட்டும் வரவேற்பு மேசைக்கு வரும்.