போனில் அவன் ஜெயித்தான், லேப்டாப்பில் நான்

இரண்டு பேர் ஆடும் வள்ளப் பந்தய கேமை லாக்ஸ்டெப் முறையில் எழுதினால் நெட்வொர்க்கில் வள்ளத்தின் இடமோ வேகமோ போகாது. கேம் கடிகாரத்தின் எந்த டிக்கில் யார் எந்த பட்டனை அழுத்தினார்கள் என்பது மட்டும்தான் போகும், மீதியை இரண்டு மெஷினும் தனித்தனியாகக் கணக்குப் போட்டு ஒரே விடைக்கு வந்தாக வேண்டும். ரீப்ளேயும் அப்படித்தான், பட்டன் பட்டியலைச் சேமித்து வைத்து மறுபடி ஓட்டுகிறோம், அவ்வளவுதான்.

நாகர்கோவிலில் நாங்கள் சிலர் சேர்ந்து செய்த வள்ளப் பந்தய கேமில் இது உடைந்தது. குளச்சலில் இருந்து டெஸ்ட் பண்ணும் தம்பி கூப்பிட்டு, "அண்ணே, எனக்க போன்ல நான் ஜெயிச்சாச்சு, ஒங்களுக்கு என்ன காட்டுது?" என்றான். எனக்கு நான் ஜெயித்ததாகக் காட்டியது.

நெட்வொர்க்கைத்தான் எல்லோரும் முதலில் சந்தேகப்படுவார்கள். ஆனால் அதே ரீப்ளேயை போனிலும் லேப்டாப்பிலும் நெட் இல்லாமலே ஓட்டினாலும் முடிவு வேறாக வந்தது. ஒவ்வொரு டிக்குக்கும் எல்லா வள்ளங்களின் நிலையையும் ஒரே எண்ணாக ஹாஷ் எடுத்து ஒப்பிட்டு, முதலில் பிரியும் டிக்கைப் பிடித்தோம். அங்கே `%f` போட்டு அச்சடித்தால் இரண்டு பக்கமும் ஒரே எண், கடைசி பிட் வரை காட்டும் `%a` போட்ட பிறகுதான் வித்தியாசம் கண்ணில் பட்டது. விஷயம் இந்த இடத்தில்:

```cpp
double d = speed * dt - gap;
if (d > 0) hit();
```

`speed` 10, `dt` 0.1, `gap` 1 என்று வையுங்கள். 0.1-ஐ பைனரியில் சரியாக எழுத முடியாது, டபுளில் அது ஒரு துளி கூடுதலாகவே இருக்கும். லேப்டாப் முதலில் பெருக்கி, விடையை 1 என்று ரவுண்ட் செய்து, பிறகு கழித்தது: 0. போனின் ஏஆர்எம் சிப்பில் பெருக்கலையும் கழித்தலையும் ஒரே கட்டளையில் முடித்து, கடைசியில் ஒரே ஒரு தடவை ரவுண்ட் செய்யும் வசதி உண்டு, கம்பைலர் நம்மிடம் கேட்காமலே அதைப் போட்டுவிடும். அதில் 0 வராது, சுமார் 5.55e-17 வரும். ஆக போனில் வள்ளம் மோதியது, லேப்டாப்பில் மோதவில்லை. டபுளில் இருக்கும் எண்களை வைத்துப் பார்த்தால் போன் விடைதான் துல்லியமானது! ஆனால் இங்கே துல்லியத்தை வைத்து என்ன செய்ய, இரண்டும் ஒன்றாக இருந்தால் போதும்.

இரண்டு கணக்கையும் அப்படி ஒன்றாகச் சேர்க்காதே என்று கம்பைலருக்குச் சொல்லும் `-ffp-contract=off`-ஐ இரண்டு பில்டிலும் போட்டதும் இந்த இடம் சரியானது. `-ffast-math` பக்கமே போகக்கூடாது, அது கணக்கின் வரிசையையே மாற்றும். அலைக்கு `sin` கூப்பிட்டிருந்தது தனித் தலைவலி: கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், வர்க்கமூலம் எப்படி ரவுண்ட் ஆக வேண்டும் என்று ஐஇஇஇ 754 கறாராகச் சொல்கிறது, சைனுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, ஒவ்வொரு லைப்ரரியும் கடைசி பிட்டில் தன் இஷ்டத்துக்கு இருக்கலாம். எனவே சைன் அட்டவணை ஒன்றை ஃபைலாகவே கேமோடு சேர்த்து அனுப்புகிறோம்.

இவ்வளவும் செய்த பிறகு, போனில் பதிவான பழைய ரீப்ளே எதுவும் புது பில்டில் ஒழுங்காக ஓடவில்லை. அப்புறம்தான் ரீப்ளே ஃபைலின் தலையில் பில்ட் எண்ணையும் எழுத ஆரம்பித்தோம், எண் பொருந்தாவிட்டால் கேம் அதைத் திறக்கவே திறக்காது.