அல்சூர் சோமேஸ்வரர் தரிசனமும் அறுபதாம் கல்யாணத்தில் நான் பேசியதும்

என் கணவர் 1965-இல் விசுவாவசு ஆண்டு கார்த்திகை மாதத்தில் பிறந்தவர். அறுபது ஆண்டுப் பெயர்களும் ஒரு சுற்று வந்து, 2025 ஏப்ரலில் மறுபடியும் விசுவாவசு பிறந்தது. பிறந்த ஆண்டும் மாதமும் நட்சத்திரமும் ஒன்றாகத் திரும்பி வரும் நாளில் செய்யும் சாந்தியே சஷ்டியப்தபூர்த்தி. மார்க்கண்டேயனுக்காகச் சிவபெருமான் காலனை உதைத்த தலம் என்பதால் திருக்கடையூருக்குப் போகும்படி உறவினர்கள் சொன்னார்கள். ஆனால் என் மாமியாரால் அவ்வளவு தூரம் பயணம் செய்ய முடியாது. பெற்ற தாய் இல்லாமல் பிள்ளைக்கு ஆயுள் ஹோமம் செய்வதில் எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆகவே பெங்களூரிலேயே, அல்சூரில் ஒரு சிறிய மண்டபத்தில் நடத்துவதென்றும், முதல் நாள் மாலை சோமேஸ்வரரைத் தரிசித்து உத்தரவு பெற்றுக்கொள்வதென்றும் முடிவு செய்தோம்.

சந்தைத் தெருவின் இரைச்சலிலிருந்து விஜயநகரப் பாணியில் உயர்ந்து நிற்கும் கோபுரத்தைக் கடந்து உள்ளே போனால், நாற்பத்தெட்டுத் தூண்கள் கொண்ட பெரிய மண்டபம் விரிகிறது. சன்னதியில் அர்ச்சகர் கோத்திரமும் நட்சத்திரமும் கேட்டு, எங்கள் இருவர் பெயரையும் சேர்த்துச் சங்கல்பம் செய்துவைத்தார். வடபுறத்து நவக்கிரக மண்டபத்தை என் கணவர் நிதானமாக ஒன்பது முறை சுற்றி வரும் வரை, நான் அங்குள்ள சிற்பங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இராவணன் கயிலையைத் தூக்குவதும், துர்க்கை மகிஷனை வதைப்பதும், நாயன்மார்களும் சப்தரிஷிகளும் அங்கே கல்லில் இருக்கிறார்கள். கிரிஜா கல்யாணமும் இருக்கிறது. அம்பிகையைப் பெண் கேட்டு இமவானிடம் சென்றவர்கள் அந்த ரிஷிகள்தாம் என்றும், அவர்களுடன் அருந்ததியும் போனாள் என்றும் புராணம் சொல்லும். மாப்பிள்ளை வீட்டார் சார்பில் பேசப் போன கூட்டத்தில் ஒரு பெண்ணும் இருந்தாள் என்பது எனக்கு எப்போதும் பிடித்த செய்தி.

மறுநாள் நான் பேச வேண்டும் என்று மகள் ஒரு வாரமாக வற்புறுத்திக்கொண்டிருந்தாள். என்ன பேசுவது என்று அந்தச் சிற்பத்தின் முன்னால்தான் துலங்கியது. எங்கள் கல்யாணத்தில் நான் வாய் திறந்து ஒன்றும் சொன்னதாக நினைவில்லை. வீடு திரும்பியதும் வாத்தியாருக்குத் தொலைபேசியில் பேசி, சப்தபதியும் அம்மி மிதித்தலும் மறுபடி உண்டா என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "அக்னி சாட்சியாக ஒரு தடவை நடந்தது நடந்ததுதான் அம்மா, அதைத் திரும்பச் செய்வதில்லை. இது ஆயுளுக்காகச் செய்யும் சாந்தி. மாங்கல்ய தாரணம் வழக்கத்தை ஒட்டி வருவது" என்றார். எங்கள் பழைய மந்திரங்களின் பொருளையும் கேட்டுக் குறித்துக்கொண்டேன்.

காலையில் விக்னேசுவர பூஜை, புண்ணியாகவாசனம், கலச ஸ்தாபனம், ஜபம், மிருத்யுஞ்ஜய ஹோமம், நவக்கிரக ஹோமம் என்று எல்லாம் முறையாக நடந்தன. பூர்ணாகுதி முடிந்ததும் எங்களை அருகருகே மணையில் அமர்த்தி, தலைக்கு மேல் பிள்ளைகள் சல்லடையைப் பிடிக்க, ஜபித்த கலச நீரை உறவினர் ஒவ்வொருவராக ஊற்றினார்கள். கார்த்திகைக் குளிரில் பெங்களூர்த் தண்ணீர் எப்படி இருக்கும் என்பது அனுபவித்தவர்களுக்கே தெரியும்; ருத்ரத்தை விட எங்கள் பல் கிட்டியதுதான் எனக்கு அதிகமாகக் கேட்டது. ஈரம் மாற்றிப் புதுப்புடவையும் வேட்டியும் உடுத்தி வந்தபின், மாமியார் தொட்டு ஆசீர்வதித்துக் கொடுத்த மாங்கல்யத்தை அவர் என் கழுத்தில் கட்டினார். அதன் பிறகு நான் எழுந்து நின்று பேசியது இது:

"பெரியவர்களுக்கு நமஸ்காரம். 1990-ஆம் ஆண்டு கும்பகோணத்தில் எங்கள் கல்யாணம் நடந்தபோது மந்திரங்களை எல்லாம் வாத்தியார் சொல்ல இவர் சொன்னார். பொரியிடும்போது ஒரு மந்திரம் வரும். 'பொரியை ஹோமம் செய்யும் இந்தப் பெண், என் கணவர் நீண்ட ஆயுளோடு இருக்கட்டும் என்று வேண்டுகிறாள்' என்பது அதன் பொருளாம். நான் வேண்டுவதாகச் சொன்னதைக்கூட எனக்காக வேறொருவர்தான் சொன்னார். ஆகவே இன்றைக்கு நானே என் வாயால் சொல்லிவிடுகிறேன்: இவர் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும்.

அம்மி மிதித்தபோது, 'இந்தக் கல்லைப் போல நீ உறுதியாக இரு' என்று என்னிடம் சொல்லப்பட்டது. அப்படி உறுதியாக இருந்தவர் இவர். கல்யாணமான மறு வருஷம், டிசம்பரில், காவிரிப் பிரச்சினையில் ஊர் பற்றி எரிந்தபோது நான் நிறைமாதம். ஊருக்கே போய்விடலாம் என்று நான் அழுதேன். இவர் ஒரு வார்த்தை கடிந்து பேசாமல், பக்கத்து வீட்டுக் கன்னடக்காரப் பாட்டியிடம் சொல்லி வைத்துவிட்டு, இரவெல்லாம் வாசற்கதவுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நாங்கள் போகவில்லை, பிள்ளை இந்த ஊரிலேயே பிறந்தான்.

என் அம்மா பக்கவாதத்தில் விழுந்து எங்களோடு இருந்த வருஷங்களைப் பற்றி இங்கே பலருக்குத் தெரியாது. படுக்கைப் புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். போர்வையை நான்காக மடித்து அம்மாவுக்கு அடியில் செருகி, ஒரு பக்கம் இவரும் மறு பக்கம் நானும் பிடித்து, உடம்பு உரசாமல் தூக்கித் திருப்புவோம். பிறகு இவர் தனியாகவே செய்யக் கற்றுக்கொண்டார். பன்னிரண்டு மணியும் இரண்டு மணியும் இவருடையவை, நான்கு மணி என்னுடையது. காலை ஷிப்டுக்குப் போக வேண்டிய நாளிலும் அந்தக் கணக்கை மாற்றச் சொல்லவில்லை. மாமியார் பணிவிடையை மருமகனிடம் எந்தச் சாஸ்திரமும் கேட்கவில்லை.

ஏழாவது அடி வைத்ததும் சொல்லும் மந்திரம், 'ஏழடி நடந்து எனக்குத் தோழியாகிவிட்டாய்' என்கிறதாம். அன்றைக்கு அதற்கு நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். உங்களுக்குக் கோபம் வந்தால் இரண்டு நாள் பேசமாட்டீர்கள், மளிகைக் கணக்கை மூன்று முறை கூட்டிப் பார்ப்பீர்கள், அதெல்லாம் இருக்கட்டும். முப்பத்தைந்து வருஷமாக நான் எந்தப் பக்கம் திரும்பினாலும் அங்கே நின்றீர்கள். உங்களுக்குத் தோழியாக இருக்க எனக்குச் சம்மதம். எழுபதில் பீமரத சாந்திக்கு நீங்கள் பேச வேண்டும். சுருக்கமாகப் பேசினால் போதும்."

சபையில் சிரிப்பு எழுந்தது. என் கணவர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மாமியார் என்னை அருகே அழைத்து, "புரட்டிப் போட்டதெல்லாம் அவன் என்னிடம் சொன்னதே இல்லையே" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் வாத்தியார் அட்சதையைக் கையில் எடுக்கச் சொல்லி, "சதமானம் பவதி" என்று ஆசீர்வாத மந்திரத்தைத் தொடங்கிவிட்டார். தானங்கள் இன்னும் பாக்கி இருந்தன, பந்திக்கு இலையும் போட்டாகிவிட்டது.