நிறுத்தினால் கொட்டும் தண்ணீர்

உச்சிப்புளி தாண்டி, மண்டபம் போகும் சாலையில் ஒரு கல்யாண மஹால். சமையல்கட்டுப் பக்கம் கூரையில் தொங்கும், மஹாலுக்குக் குளிர்ந்த காற்று அனுப்பும் பத்து டன் ஏர் ஹேண்ட்லிங் யூனிட்டிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது என்று வைகாசி முகூர்த்த நேரத்தில் கூப்பிட்டார்கள். தை மாதம் அதை ஓட்டிக் காட்டிக் கையெழுத்து வாங்கியவன் நான்தான். அன்று ஒரு சொட்டுக்கூட இல்லை.

மஹால் மேனேஜர் பெரியவர். "தம்பி, மிஷின் ஓடுறப்ப டிரெயின் பைப்புல ஒண்ணும் வரல. நிப்பாட்டினா குடம் குடமா கொட்டுது" என்றார். அவர் சொன்னதிலேயே பாதி விடை இருந்தது. குழாய் அடைத்திருந்தால் நிறுத்தினாலும் வராது. நிறுத்தியதும் பாய்ந்து வருகிறது என்றால், ஓடும்போது மின்விசிறி அந்தத் தண்ணீரை உள்ளே இழுத்துப் பிடித்து வைத்திருக்கிறது.

இந்த யூனிட்டில் காற்று முதலில் ஃபில்டர், அப்புறம் அதைக் குளிர்விக்கும் காயில், கடைசியில்தான் மின்விசிறி. அதனால் காயிலுக்கு அடியில், அதில் படிந்து வழியும் ஈரத்தைப் பிடிக்கும் தட்டான டிரெயின் பேனில் வெளியே இருப்பதைவிடக் காற்றழுத்தம் குறைவு. பேனிலிருந்து நேராகக் குழாய் விட்டால் தண்ணீர் இறங்காது, வெளிக்காற்றுதான் உள்ளே ஏறும். அதைத் தடுக்கத்தான் குழாயில் எப்போதும் தண்ணீர் தேங்கி நிற்கும் 'யு' வடிவ வளைவு, டிராப். மணமகன் அறையில் இருந்த சின்ன ஃபேன் காயில் யூனிட்டுகளில் மின்விசிறி காயிலுக்கு முன்னால் இருந்து தள்ளுகிறது. அங்கே பேனில் இழுப்பு இல்லை, சரிவு சரியாக இருந்தாலே போதும்.

"டிராப் ஆழம் பத்தலையாண்ணே?" என்றான் உடன் வந்த பையன். ஆழம் போதுமானதாகவே இருந்தது. கைகழுவும் பேசினுக்குப் போடுகிற மாதிரி 50 மில்லிமீட்டர் தண்ணீர் நிற்கும் வளைவு. குறை வேறு இடத்தில். பேனின் வாய்க்கும், டிராப்பைத் தாண்டித் தண்ணீர் வழிந்து போகும் விளிம்புக்கும் நடுவே வெறும் 25 மில்லிமீட்டர் இறக்கம்தான். ஃபால்ஸ் சீலிங்கில் இடமில்லை என்று பிளம்பர் சுருக்கியிருந்தார். நானும் பார்த்துவிட்டு விட்டிருந்தேன்.

காயிலுக்கும் மின்விசிறிக்கும் நடுவே தகட்டில் துளையிட்டு, தண்ணீர் ஊற்றிய கண்ணாடிக் குழாயை 'யு'வாக வளைத்துச் சொருகினோம். இரண்டு பக்க மட்டத்துக்கும் 52 மில்லிமீட்டர் வித்தியாசம். ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தால் கச்சான் காற்றில் வந்த மணலும் உப்பும் அப்பிக் கிடந்தது. கழுவி மாட்டியதும் 35க்கு இறங்கியது.

மின்விசிறி 52 மில்லிமீட்டர் இழுத்தால், வழியும் விளிம்பைவிட அத்தனை உயரம் தண்ணீர் ஏறி நின்றால்தான் அடுத்த சொட்டு வெளியே போகும். இறக்கம் 25, ஆகவே மீதி 27 மில்லிமீட்டர் பேனுக்குள்ளேயே நிற்கிறது. பேனின் ஆழமோ 30. காற்றில் கொஞ்சம் அலையடித்தாலும் விளிம்பு தாண்டும். தை மாதம் ஃபில்டர் புதிது, 10 மில்லிமீட்டர்தான் நின்றிருக்கும், யார் கண்ணிலும் படாது.

புது டிராப்புக்கு அழுக்கு ஃபில்டரின் கணக்கைத்தான் எடுத்தேன். இழுப்பு 55 என்று வைத்து, மேலே 25 சேர்த்து இறக்கம் 80. விளிம்புக்குக் கீழே நிற்கும் தண்ணீர் அதில் பாதி, 40. மின்விசிறி கிளம்பும் கணத்தில் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கும். இறங்குவது இழுப்பில் பாதி, சுமார் 28. 40 இருந்தால் டிராப் காலியாகாது. இடத்துக்காகத் தொங்கு கம்பிகளைச் சுருக்கி யூனிட்டையே மேலே தூக்கினோம். ஒருநாள் வேலை, கூலி என் கணக்கில்.

குழாயைப் பெரிதாக்கச் சொல்லி மேனேஜர் வற்புறுத்திக்கொண்டே இருந்தார். பத்து டன்னில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை எடுக்கவே போகிறது என்றாலும் மணிக்குப் பதினேழு, பதினெட்டு லிட்டர்தான் வரும். அதற்கு 32 மில்லிமீட்டர் குழாயே தாராளம். பேனின் வாயைவிடக் குறுகாமல், நூற்றுக்கு ஒன்றாவது சரிவு இருந்தால் சரி. பெரிதாகப் போடுவது பாசி பிடித்து அடைக்காமல் இருக்கத்தான்.

ஆடியில் கல்யாணம் இல்லை, மஹால் பூட்டிக் கிடந்தது. ஆவணி முதல் முகூர்த்தத்தன்று காலை மறுபடி போன். டிரெயின் குழாயின் முனையில் ஊதுபத்தியைப் பிடித்துப் பார்க்கச் சொன்னேன். புகை உள்ளே போகிறது என்றார். டிராப் காய்ந்துவிட்டது. காய்ந்த டிராப் ஓட்டத்தில் தானாக நிரம்பாது, உள்ளே பாயும் காற்று இறங்க வரும் தண்ணீரைத் திருப்பித் தள்ளிவிடும். யூனிட்டை நிறுத்தி, பேனில் இரண்டு சொம்பு தண்ணீர் ஊற்றிவிட்டு ஓட்டச் சொன்னேன். பத்து நிமிடத்தில் வெளியே சொட்ட ஆரம்பித்துவிட்டதாம்.

அந்த வாரமே டிராப்பின் பேன் பக்கத்துக் காலில் ஒரு 'டீ' வடிவ இணைப்பு வைத்து, அதன் வாய்க்கு மூடி போட்டேன். மூடி இறுக்கமாக இல்லாவிட்டால் அது வழியாகவும் காற்று இழுக்கும், அதனால் உள்ளே ரப்பர் வாஷர். இப்போது ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் முந்தின இரவு வாட்ச்மேன் ஏணி போட்டு ஏறி அதில் ஒரு சொம்பு ஊற்றுகிறார்.