ஒரு கணக்கு, ஐந்து விடை

பெரியவளுக்குத் தேர்வு என்றால் வீட்டில் யாருக்கும் தூக்கம் கிடையாது, தெரிந்த கதைதான். நேற்று ராத்திரி பத்து மணிக்கு நோட்டோடு வந்து நின்றாள். '+' வரும் இடத்தில் '×', '×' வரும் இடத்தில் '+' போட வேண்டுமாம். அப்படியானால் 2 + 3 × 4 + 5 எவ்வளவு?

மாமனார் சட்டென்று 19 என்றார். விதியையே படிக்கவில்லை. மருந்துச் சீட்டையும் அவர் இப்படித்தான் படிப்பார். சின்னவன் குறிகளை மாற்றினான், ஆனால் இடமிருந்து வலமாக ஓடிப்போய் 50-இல் நின்றான். இரண்டு மூன்று ஆறு, நான்கைக் கூட்டினால் பத்து, ஐந்தால் பெருக்கினால் ஐம்பது. பெருக்கல்தான் முதலில் என்பது அவனுக்கு யாரோ சொன்ன வதந்தி.

என் மனைவிக்கு 70. "பெருக்கலைத்தானே முதலில் செய்யணும்? அது இப்போ கூட்டல் ஆயிடுச்சு. மூணும் நாலும் ஏழு. ரெண்டையும் ஏழையும் அஞ்சையும் பெருக்குங்க." குரலில் இருந்த உறுதியைக் கேட்டு நானும் ஒரு நிமிஷம் நம்பிவிட்டேன்.

நான் சும்மா இருப்பேனா? கம்ப்யூட்டரில் பிழைப்பு நடத்துகிறவன். எடிட்டரைத் திறந்து எல்லா '+'-யும் '×' ஆக்கினேன், அப்புறம் எல்லா '×'-யும் '+' ஆக்கினேன். 2 + 3 + 4 + 5, ஆக 14. முதல் மாற்றத்திலேயே புதிதாகப் பிறந்த '×'கள் பழையவற்றோடு கலந்துவிட்டன. இரண்டாவது மாற்றம் இரண்டையும் சேர்த்து விழுங்கிவிட்டது. "நடுவில '+'-ஐ '@' ஆக்கி வெச்சிருக்கணும்ப்பா" என்றாள் பெரியவள். இருபது வருஷ அனுபவம் அங்கேயே ராஜினாமா செய்தது.

துணி மடித்துக்கொண்டிருந்த மாமியார் பென்சிலை வாங்கினார். கணக்குப் போடவே இல்லை, முதலில் எழுதினார்: 2 × 3 + 4 × 5. பழைய வரியைக் கையால் மறைத்துக்கொண்டார். "இனிமே அதைப் பார்க்கக் கூடாது. எந்தக் குறி இப்ப நிக்குதோ அதுக்குத்தான் மரியாதை." ஆறும் இருபதும் 26. புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலும் 26.

மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. "பேரை மாத்தினா குணம் மாறிடுமா?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் இந்த வகைக் கணக்கில் குணமும் பேரோடேதான் போகிறது. அடைப்புக்குறி மட்டும்தான் எங்கும் நகராமல் இருந்த இடத்திலேயே இருக்கும்.

விளக்கை அணைத்தபிறகு மாமனார் இருட்டில் குரல் கொடுத்தார். "மாப்பிள்ளை, 2 + 2 × 2 போட்டுப் பாருங்க. மாத்தினாலும் ஆறு, மாத்தாட்டியும் ஆறு. நான் படிக்காம விட்டதுல என்ன தப்பு?"

போட்டுப் பார்த்தேன். ஆறுதான்.

"எட்டு வருது" என்றாள் மனைவி.