லீவு கேட்டேன், மாற்று டிரைவரையும் காட்டினேன்

ஒரு குடும்பத்துக்குக் கார் ஓட்டுகிறேன். காலையில் பிள்ளைகளுக்குப் பள்ளி, அப்புறம் சாருக்கு அலுவலகம். செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் பாட்டிக்கு டயாலிசிஸ். ஞாயிறு எனக்கு விடுமுறை. உடம்பு சரியில்லை என்று திடீரென்று ஒரு நாள் லீவு போடுவது இந்த வேலையில் பெரிய விஷயமில்லை. அன்றைக்கு யாராவது எப்படியாவது சமாளித்துவிடுவார்கள். முன்கூட்டியே சேர்ந்தாற்போல் சில நாள் கேட்பதுதான் கஷ்டம். அப்படிக் கேட்டால் அந்த வீட்டின் மொத்த அட்டவணையையும் பிரித்துப் பார்க்கவேண்டி வரும்.

ஊரில் அப்பாவுக்குக் கண்புரை அறுவை. மருத்துவமனையில் புதன்கிழமையோ வெள்ளிக்கிழமையோ வரச் சொன்னார்கள். தம்பி புதன் என்று முடிவு செய்து வைத்திருந்தான். நான் வெள்ளி என்று மாற்றச் சொன்னேன். கண்புரை அறுவைக்கு அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், ஆனால் மறுநாள் காலையில் கட்டைப் பிரித்துப் பார்க்க மறுபடி போகவேண்டும். புதன் வைத்தால் வியாழன் டயாலிசிஸ் போச்சு. ஊரில் நாலு நாள் இருந்தால் சனியும் இடிக்கும். வெள்ளி என்றால் வியாழன் பாட்டியை வீட்டில் விட்டுவிட்டு இரவு பஸ் ஏறலாம். இடையில் ஞாயிறு எப்படியும் என் விடுமுறை. திங்கள் இரவு கிளம்பினால் செவ்வாய் காலை வண்டியில் இருப்பேன். ஆக வீட்டுக்கு இடிப்பது வெள்ளி, சனி, திங்கள். அதிலும் பாட்டியின் முறை சனிக்கிழமை ஒன்றுதான்.

இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் வாயைத் திறந்தேன். ஒரு வாரம் கழித்து இன்னொரு பரிசோதனை இருக்கும் என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். அதுவும் வெள்ளியாகவே வந்தது. அந்த ஒரு நாளையும் சேர்த்தே கேட்டேன். போய்விட்டு வந்த கையோடு "சார், இன்னும் ஒரு நாள்" என்று நின்றால், முதலில் கேட்டதே பொய் மாதிரி ஆகிவிடும்.

யாரிடம் கேட்பது என்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. எங்கள் வீட்டில் சம்பளம் கொடுப்பவர் சார், அன்றாடம் வண்டி எங்கே போகவேண்டும் என்று முடிவு செய்பவர் அம்மா. சாரிடம் மட்டும் கேட்டால் "சரிப்பா, போயிட்டு வா" என்று ஒரு நொடியில் சொல்லிவிடுவார், சனிக்கிழமை காலையில் அம்மாவுக்குத்தான் தலைவலி. ஓட்டிக்கொண்டிருக்கும்போதும் கேட்கக்கூடாது. பின் சீட்டில் இருப்பவர் அரைக்காதில் கேட்டு ஒரு பதில் சொல்வார், பிறகு இரண்டு பேருக்கும் அது நினைவிருக்காது. ஞாயிறு என் விடுமுறை என்பதால் சனிக்கிழமை சாயங்காலம் வண்டியைத் துடைத்துச் சாவி கொடுக்கும்போது, இரண்டு பேரும் வீட்டில் இருந்த நேரமாகப் பார்த்துச் சொன்னேன்.

அம்மாவின் முதல் கேள்வி நான் எதிர்பார்த்ததுதான். "அத்தைக்கு சனிக்கிழமை எப்படிங்க?"

"ஆள் நான் பார்க்கிறேன்மா. நீங்க ஓட்டவிட்டுப் பார்த்துட்டு சொல்லுங்க. பிடிக்கலைன்னா வேற ஏற்பாடு பண்ண நாள் இருக்கு."

கடைசி வாக்கியம்தான் வேலை செய்தது என்று நினைக்கிறேன். லீவுக்கு மூன்று வாரத்துக்கும் மேல் இருந்தது. அன்று இரவே வாட்ஸ்அப்பில் இரண்டு பேருக்கும் தேதிகளையும் போட்டு இப்படி அனுப்பினேன்:

"வணக்கம் சார், அம்மா. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன். வெள்ளி, சனி, திங்கள் மூன்று நாள் லீவு வேண்டும். வியாழன் பாட்டியை வீட்டில் விட்ட பிறகு கிளம்புகிறேன், செவ்வாய் காலை வந்துவிடுவேன். அதற்கு அடுத்த வெள்ளியும் ஒரு நாள் வேண்டும். மாற்று டிரைவர் இந்த வாரம் வந்து உங்களைப் பார்ப்பார்."

வாயால் சொன்னதற்குப் பிறகு எழுத்து எதற்கு என்று தோன்றலாம். வீட்டில் நாலு பேர் நாலு விதமாக ஞாபகம் வைத்திருப்பார்கள். தேதி எழுத்தில் இருந்தால் யாரும் யாரிடமும் வாதாட வேண்டியதில்லை.

ஆள் தேடியதுதான் நிஜமான வேலை. முதலில் நினைவுக்கு வந்தவன் வாடகை வண்டி ஓட்டும் என் நண்பன். நல்ல டிரைவர், பல வருட அனுபவம். ஆனால் அவன் ஓட்டியதெல்லாம் கியர் வண்டி. சாரின் வண்டி ஆட்டோமேட்டிக். சாரிடம் கேட்டு வண்டியை ஒரு காலி மைதானத்துக்குக் கொண்டுபோய் அவனை ஓட்டவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் ரோட்டைப் பார்க்கவில்லை, அவன் இடது காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். நேராகப் போகும்போது கால் ஓரமாக ஒழுங்காக இருந்தது. "நிறுத்துடா" என்று திடீரென்று சொன்னேன். கிளட்ச் மிதிக்கும் பழக்கத்தில் இடது கால் பாய்ந்து பிரேக்கை மிதித்தது. அந்தக் கால் கிளட்சை அடிவரை அழுத்தியே பழகியது, பிரேக்கை அளந்து மிதிக்க அதற்குத் தெரியாது. வண்டி குத்தி நின்றது, எனக்குத் தலை முன்னால் போய் வந்தது. டயாலிசிஸ் முடிந்து தளர்ந்து உட்கார்ந்திருக்கும் பாட்டி அந்தக் குலுக்கலைத் தாங்கமாட்டார். ஒரு வாரம் ஓட்டினால் பழகிவிடும்தான், ஆனால் அந்த ஒரு வாரத்தை யார் வண்டியில் பழகுவது? அவனே சிரித்துவிட்டு, "வேணாம்டா, எனக்கே பயமா இருக்கு" என்றான்.

அடுத்தவர் ஒரு கம்பெனியில் ஓட்டி ஓய்வு பெற்ற அண்ணன். கடைசி சில வருடங்கள் ஆட்டோமேட்டிக்தான் ஓட்டியவர். இடது கால் அதன் இடத்தை விட்டு நகரவேயில்லை. பட்டன் ஸ்டார்ட் வண்டியில் இன்ஜின் ஓடும்போது சாவியைப் பையில் போட்டபடி இறங்கிப் போகக்கூடாது என்று நான் சொல்வதற்கு முன்பே அவர் சொன்னார். அப்படிப் போனால் வண்டி ஓடிக்கொண்டே இருக்கும், அணைத்த பிறகு சாவி இல்லாமல் திரும்ப ஸ்டார்ட் ஆகாது. அவரிடம் ஒரு குறை. "ராத்திரி எதிர் வெளிச்சம் கண்ணைக் கூசுது தம்பி, இருட்டினப்புறம் நான் ஓட்டமாட்டேன்" என்று நேராகவே சொல்லிவிட்டார். எனக்கு அதனாலேயே அவர்மேல் நம்பிக்கை வந்தது. ஆனால் இதை மறைத்து அனுப்ப முடியாது. சாரிடம் அப்படியே சொன்னேன். வெள்ளிக்கிழமை இரவு ஏர்போர்ட் போகவேண்டியிருந்தது, அதற்கு டாக்சி பிடித்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

சார் அவருடைய லைசென்சை வாங்கிப் படம் எடுத்துக்கொண்டார், காலாவதித் தேதியைப் பார்த்தார். அதோடு இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் செய்து, வேறு டிரைவர் ஓட்டினால் பாலிசி செல்லுமா என்று கேட்டுக்கொண்டார். அதை நான் கேட்டு வந்து சொல்வதைவிட வண்டிக்காரரே கேட்பதுதான் முறை. நாளைக்கு ஏதாவது ஆனால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்.

லீவுக்கு முந்தைய வாரம் வியாழன் நான் ஓட்ட, அண்ணன் பக்கத்தில் இருந்து பார்த்தார். அடுத்த செவ்வாய் அவர் ஓட்ட, நான் பக்கத்தில். வழியைக் காட்டுவதற்கு இது தேவையே இல்லை, அதற்கு மேப் போதும். பாட்டியை ஏற்றி இறக்குவதைக் காட்டத்தான். பாட்டிக்கு இடது கையில் ஃபிஸ்டுலா இருக்கிறது. டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்து வைத்திருக்கும் கை அது. அந்தக் கையைப் பிடித்து இழுக்கக்கூடாது, அதில் பை மாட்டக்கூடாது, வலது பக்கம் நின்று தாங்கவேண்டும். யாராக இருந்தாலும் காரிலிருந்து இறங்கும் வயதானவருக்கு அருகில் இருக்கும் கையைத்தான் சட்டென்று பிடிப்பார்கள். அண்ணனும் முதல் தடவை அதைத்தான் செய்யப் போனார். பாட்டியே, "இந்தக் கை வேணாம் தம்பி" என்று விலகிக்கொண்டார்.

திரும்பும்போது இன்னும் கவனம் வேண்டும். டயாலிசிஸ் முடிந்ததும் ரத்த அழுத்தம் இறங்கியிருக்கலாம், எழுந்த உடனே தலைசுற்றும். கதவைத் திறந்து காலை வெளியே வைத்து ஓரிரு நிமிடம் உட்காரவைத்து, பிறகுதான் எழுப்புவேன். ஊசி போட்ட இடத்தின் கட்டு வழியாக ரத்தம் கசிகிறதா என்று ஒரு பார்வை. கசிந்தால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வண்டியை எடுக்காமல் நர்ஸைக் கூப்பிடவேண்டும். அப்புறம் தண்ணீர். வழியில் பாட்டி தாகம் என்பார். பாவம் என்று பாட்டிலை நீட்டிவிடக்கூடாது, ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று மருத்துவர் அளவு கொடுத்திருக்கிறார். அம்மாவிடம் கேட்டுத்தான் தரவேண்டும். நல்ல மனசு உள்ள டிரைவர்தான் இந்த இடத்தில் தவறு செய்வார்.

இனி பணம். அண்ணனின் கூலியை நான் கொடுத்து, பிறகு சாரிடம் வாங்குவது என்று வைத்துக்கொள்ளவில்லை. நடுவில் நான் நின்றால், அதில் எனக்கு ஏதோ கமிஷன் என்று ஒரு நாள் யாராவது நினைப்பார்கள். அவர் கேட்கும் தொகையை அவரே சாரிடம் பேசி, அன்றன்றைக்கு வாங்கிக்கொண்டார். பழகிப் பார்த்த இரண்டு நாளுக்கும் அரை நாள் கூலி உண்டு என்று முன்பே பேசினோம். என் சம்பளம் பற்றி நானே கேட்டேன். மூன்று நாளுக்குப் பிடித்தம் இல்லை, அடுத்த வெள்ளிக்கு மட்டும் பிடித்தம் என்று சார் சொன்னார். இன்னும் கொஞ்சம் பேசிப் பார்த்திருக்கலாம். அப்பாவுக்குக் கண் சரியாகட்டும் என்று விட்டுவிட்டேன்.

மாற்று ஆளைக் கூட்டிவரத் தயங்கும் டிரைவர்கள் உண்டு. "அவன் உன் சீட்டுல உக்காந்துடுவான்" என்று என் நண்பனே சொன்னான். பயம் எனக்கும் இருந்தது. அதனால்தான் ஏற்கெனவே ஓய்வு பெற்றவரைத் தேடினேன், முழுநேர வேலை வேண்டாம் என்று அவரே சார் முன்னால் சொன்னார். வேலை தேடி அலையும் ஒருவரை அழைத்து வந்திருந்தால், இரண்டு பேருக்கும் அது சங்கடமாகியிருக்கும்.

வியாழன் சாயங்காலம் வண்டியைச் சுற்றி நாலு பக்கமும், கிலோமீட்டர் மீட்டரையும் படமெடுத்து சார், அண்ணன் இருவருக்கும் அனுப்பினேன். முன் பம்பரில் ஏற்கெனவே ஒரு கீறல் உண்டு, அதைத் தனியாக எடுத்தேன். அண்ணன்மேல் சந்தேகம் என்பதற்காக இல்லை, பழைய கீறல் அவர் தலையில் விழக்கூடாதே என்றுதான். டீசல் வண்டி என்பதை டேங்க் மூடிக்கு உள்ளே ஒட்டியும் வைத்தேன்.

சனிக்கிழமை ஒரே ஒரு போன் வந்தது. பாட்டிக்குப் போர்வையை எங்கே வைத்திருக்கிறேன் என்று. டிக்கியில், இடது பக்கம். திங்கட்கிழமை பள்ளியில் மட்டும் சின்னச் சிக்கல். தெரியாத முகம் என்பதால் வாசலில் பிள்ளைகளை அனுப்பவில்லை. வெள்ளிக்கிழமை அம்மா கூடவே போயிருந்ததால் அன்று யாரும் கேட்கவில்லை. அம்மா பள்ளிக்குப் போன் செய்து, அண்ணனின் படத்தை அனுப்பிய பிறகு விட்டார்கள். இப்போது அவர் பெயரும் பள்ளிப் பட்டியலில் இருக்கிறது.

அடுத்த வெள்ளிக்கு அண்ணனால் வர முடியவில்லை. டயாலிசிஸ் இல்லாத நாள் என்பதால் சாரே பிள்ளைகளை விட்டுவிட்டு அலுவலகம் போனார். செவ்வாய், வியாழன், சனியில் லீவு கேட்டால் இரண்டு வாரம் முன்னதாகச் சொல்லவேண்டும், மற்ற நாளுக்கு நாலு நாள் போதும் என்று அம்மா என்னிடம் சொல்லிவைத்தார்.