144 பிரேமில் ஒட்டிய கேமரா, 30 பிரேமில் பின்தங்கிய கேமரா

விளையாட்டைச் சோதித்த இருவரின் புகார்கள் நேர்மாறாக இருந்தன. கேமரா நாயகனோடு ஒட்டிக்கொண்டே வருகிறது, மென்மையே இல்லை என்றார் ஒருவர். நாயகன் ஓடினால் திரையின் விளிம்புக்கே போய்விடுகிறான் என்றார் மற்றவர். நொடிக்கு 60 பிரேமில் ஓடும் என் கணினியில் இரண்டுமே தெரியவில்லை. முதலாமவருடையது 144, இரண்டாமவருடையது 30 பிரேம் என்று தெரியவந்த பிறகுதான் சந்தேகம் இந்த வரியின் மேல் விழுந்தது:

```
cam = lerp(cam, hero, 0.1)
```

பயிற்சிப் பாடங்கள் கூசாமல் கற்றுத்தரும் வரி இது. மீதித் தூரத்தில் பத்தில் ஒரு பங்கைக் கேமரா கடக்கிறது, ஆனால் ஒவ்வொரு பிரேமிலும். நாயகன் நொடிக்கு 600 பிக்சல் ஓடுகிறான் என்று வையுங்கள். 60 பிரேமில் அவன் நகர்வது பிரேமுக்கு 10 பிக்சல். இடைவெளி 100 ஆகும்போது அதில் பத்தில் ஒரு பங்கும் 10 என்பதால் கேமரா அவனுக்கு ஈடுகொடுத்து, 90 பிக்சல் பின்னால் நிலைக்கிறது. 30 பிரேமில் அதே கணக்கு 180 பிக்சல். 144 பிரேமில் ஏறத்தாழ 37தான். இருவர் சொன்னதும் உண்மை!

நண்பர் ஒருவர், டெல்டா நேரத்தால் பெருக்கினால் போதும் என்றார். 0.1-க்குப் பதில் `6 * dt` என்று எழுதியதும் 30, 60, 144 பிரேம்களில் இடைவெளிகள் 80, 90, 96 என்று நெருங்கிவந்தன. நிம்மதி அடுத்த நிலை ஏற்றப்படும் வரைதான். அங்கே ஒரு பிரேம் கால் நொடி இழுத்தது. 6 × 0.25 என்றால் 1.5. கேமரா நாயகனைத் தாண்டிப் பாய்ந்து, திரும்பி வந்தது. கோடோவின் லெர்ப், மூன்றாவதாகத் தரும் அந்த எடையைக் கட்டுப்படுத்தாது. யூனிட்டியின் `Mathf.Lerp` 1-இல் நிறுத்திவிடும், ஆனால் அப்போதும் கேமரா ஒரே தாவலில் நாயகன் மேல் போய் நிற்கும்.

மீதி எப்படிக் கரைகிறது என்று பார்த்தால் விடை கிடைக்கிறது. 60 பிரேமில் இரண்டு பிரேம் கழிந்தால் எஞ்சுவது 0.9 × 0.9, அதாவது 0.81. ஆகவே 30 பிரேமில் ஒரு பிரேமுக்கு உரிய எடை 0.2 அல்ல, 0.19. எந்த `dt`-க்கும் இதைத் தருவது:

```
cam = lerp(cam, hero, 1 - exp(-6.32 * dt))
```

6.32 என்பது −60 × ln 0.9. பிரேம் எவ்வளவு இழுத்தாலும் எடை 1-ஐத் தாண்டாது.

நாயகன் நிற்கும்போது இது அச்சுப் பிசகாமல் பொருந்தும். ஓடும்போது, அவன் பிரேமுக்குப் பிரேம் தாவுவதால், 30, 60, 144 பிரேம்களில் 85, 90, 93 என்று சிறு வேறுபாடு மிஞ்சும். என் விளையாட்டுக்கு அது போதும். துல்லியம் வேண்டுவோர் நாயகனையும் கேமராவையும் ஒரே நிலையான கால அடியில் நகர்த்த வேண்டும். எதைச் செய்தாலும், பிரேம் வீதத்தை 30-க்கு மட்டுப்படுத்தி ஒருமுறை ஓடவிட்டுப் பாருங்கள். சோதிப்பவர்கள் சொல்லும் வரை காத்திருக்கத் தேவையில்லை.